ஆவி மட்டும் அசையும் படம்

மேசையில் டம்ளர் நிறையக் காபி. எதுவும் அசையவில்லை, ஆவி மட்டும் எழுந்துகொண்டே இருக்கிறது. இத்தகைய படத்துக்கு 'சினிமாகிராஃப்' என்று 2011இல் பெயர் சூட்டியவர்கள் நியூயார்க் கலைஞர்கள் ஜேமி பெக், கெவின் பர்க்.

முதலில் கேமராவை முக்காலியில் இறுக்குங்கள். ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். தானியங்கி முறையில் விட்டால், அசையும் பகுதி மட்டும் நிறம் மாறித் தனித்துத் தெரியும். ஆவி தெரிய, பின்னணி இருட்டாகவும் வெளிச்சம் டம்ளருக்குப் பின்னால் பக்கவாட்டிலிருந்தும் வர வேண்டும்.

பத்து விநாடி வீடியோ போதும். அதில் ஒரு ஃபிரேமை நிலைப்படமாக மேலடுக்கில் வைத்து, ஆவி எழும் இடத்தை மட்டும் மென்மையான விளிம்புடன் அழித்தால், கீழே ஓடும் வீடியோ அங்கே தெரியும்.

சவால் சுழற்சியில்தான். வீடியோவை நடுவில் வெட்டி, இரு பாதிகளையும் இடம் மாற்றுங்கள். இப்போது கடைசி ஃபிரேமும் முதல் ஃபிரேமும் இயல்பாகவே அடுத்தடுத்தவை. நடுவில் உண்டாகும் இணைப்பை ஒரு விநாடி கரைத்துக் கலந்தால் ஆவியில் அது தெரியாது.

தொங்கும் விளக்குக்கு இந்த வழி உதவாது. கலக்கும்போது இரண்டு விளக்குகள் தெரியும். அது ஒரு ஓரத்தில் நின்று திரும்பும் கணத்தில் தொடங்கி, அதே ஓரத்துக்கு மீண்டும் வரும் கணத்தில் வெட்டுங்கள். சுவரில் ஆடும் நிழலையும் அழிக்கும் பகுதிக்குள் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.