அளந்த எண்ணா, எண்ணிய தலையா?

ஆய்வு மாணவர்களுக்கான புள்ளியியல் வகுப்புகளில் கட்டாயம் ஒரு கிளைப்படம் திரையில் வரும். எந்தத் தரவுக்கு எந்தச் சோதனை என்று வழிகாட்டும் படம் அது. அதன் முதல் கேள்வி: ஒவ்வொரு நபரிடமிருந்தும் குறித்துக்கொண்டது என்ன? ரத்த அழுத்தம், எடை போல அளந்த எண்ணா? ‘ஆம், இல்லை’ போல ஒரு வகையா? இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது, அளந்த எண் என்றால் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை. வகை என்றால் தலைகளை எண்ணி ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனை.

அமெரிக்க மருத்துவர்களிடம் நடந்த ஆஸ்பிரின் ஆய்வைப் பார்க்கலாம். 1988-இல் வெளியான அதன் முடிவுப்படி, ஆஸ்பிரின் எடுத்த 11,037 பேரில் 104 பேருக்கு மாரடைப்பு வந்தது. வெற்று மாத்திரை எடுத்த 11,034 பேரில் 189 பேருக்கு வந்தது. மாரடைப்பு வந்ததா, இல்லையா என்பது வகை; எனவே கை-வர்க்கம். மாத்திரையால் பலனே இல்லை என்றால், மொத்தம் 293 மாரடைப்புகளும் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சரிபாதியாக, அதாவது 146 அல்லது 147 வீதம் விழுந்திருக்க வேண்டும். எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் உள்ள இடைவெளியைச் சூத்திரத்தில் இட்டால் விடை சுமார் 25. இத்தகைய இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் 3.84-ஐத் தாண்டினாலே, வேறுபாடு தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம்.

இங்கே பலர் சறுக்குவது சதவீதத்தில். எண்ணிக்கைக்குப் பதிலாக 0.94, 1.71 என்ற சதவீதங்களை அட்டவணையில் இட்டால், கணக்கு குழுவுக்கு நூறு பேர்தான் என்று எடுத்துக்கொள்ளும். 25 என்ற விடை 0.2 ஆகச் சுருங்கிவிடும். எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஏதாவது கட்டத்தில் 5-க்குக் கீழே போனாலும் கை-வர்க்கத்தை நம்ப முடியாது. அப்போது ஃபிஷரின் துல்லியச் சோதனையே பொருத்தம்.

டி-சோதனைப் பக்கம் போனால் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: இரண்டு குழுவிலும் இருப்பவர்கள் வெவ்வேறு ஆட்களா, அதே ஆட்களா?

டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் இந்தச் சோதனைக்கு வழிவகுத்த கட்டுரையை எழுதினார். அதில் 10 பேருக்கு இரண்டு தூக்க மருந்துகள் கொடுத்துப் பார்த்த தரவு இருக்கிறது. தூக்கம் கூடியது சராசரியாக முதல் மருந்தில் 0.75 மணி நேரம், இரண்டாவதில் 2.33. வெவ்வேறு ஆட்கள் என்று கருதிக் கணக்கிட்டால் டி மதிப்பு 1.86, தேவையான 2.10-ஐ எட்டவில்லை. அதே ஆட்கள் என்று இணைத்துக் கணக்கிட்டால் 4.06, தேவை 2.26 மட்டுமே. ஆளுக்கு ஆள் தூக்கம் வேறுபடுவதை இணைத்த கணக்கு விலக்கிவிடுவதே காரணம்.

ஆகவே, மென்பொருளைத் திறக்கும் முன் தரவுத் தாளில் ஒரே ஒரு வரியைப் பாருங்கள். அந்த நபருக்கு நேரே இருப்பது அளவா, வகையா, அதே நபர் வேறு வரியிலும் வருகிறாரா என்று தெரிந்துவிட்டால், சோதனையும் தெரிந்துவிடும்.