எட்டு சதவீதம் நாலரை ஆனால் தம்ப்நெயிலை மாற்றலாமா?

யூடியூபில் சேனல் நடத்துகிறவர்களில் பலர் காலையில் ஸ்டுடியோவைத் திறந்ததும் தேடுவது சி.டி.ஆர். எண்ணைத்தான். போன வாரம் எட்டு இருந்தது, இந்த வாரம் நாலரைக்கு இறங்கிவிட்டது என்றால் கை பரபரக்கும். உடனே தம்ப்நெயிலை மாற்றி, தலைப்பில் ஒரு ஆச்சரியக்குறியையும் சேர்த்துவிடுவார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீடியோவை இப்படிக் கெடுத்துக்கொள்வதும் உண்டு.

தம்ப்நெயிலில் பாதியாவது ஒருவர் திரையில் ஒரு நொடிக்கு மேல் தெரிந்தால் யூடியூப் அதை ஒரு இம்ப்ரெஷனாக எண்ணுகிறது. அப்படித் தெரிந்ததில் நூற்றுக்கு எத்தனை முறை தட்டிப் பார்த்தார்கள் என்பதே சி.டி.ஆர். யார் கண்ணில் பட்டது என்பதை அது சொல்லாது. சிக்கலே அங்கேதான்.

பருப்பு உருண்டைக் குழம்பு வீடியோ ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் தேடலில் 3,000 இம்ப்ரெஷன், 300 கிளிக். முகப்புப் பக்கத்தில் 1,000 இம்ப்ரெஷன், 30 கிளிக். மொத்தம் 4,000-க்கு 330, அதாவது 8.25 சதவீதம். இரண்டாம் வாரம் தேடல் அப்படியே 3,000-க்கு 300. ஆனால் முகப்பில் 27,000 பேர் கண்ணில் காட்டப்பட்டு 1,080 கிளிக் வருகிறது. மொத்தம் 30,000-க்கு 1,380. சி.டி.ஆர். 4.6.

மேலோட்டமாகப் பார்த்தால் பாதியாகச் சரிந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் தேடலில் பத்து சதவீதம் அசையவே இல்லை. முகப்பில் மூன்று நான்காக ஏறியிருக்கிறது. தேடுகிறவர் குழம்பைக் கேட்டு வருகிறார், தட்டத்தான் செய்வார். முகப்பில் இருப்பவர் வேறெதையோ பார்க்க வந்தவர். அவர்கள் கூட்டம் பெருகியதால் சராசரி இறங்கியது, அவ்வளவுதான். இந்த ஜோடியில் கை வைக்க எந்தக் காரணமும் இல்லை.

மாற்ற வேண்டியது எப்போது? ஒரே மூலத்தில், உதாரணமாக முகப்பில் மட்டும், உங்கள் மற்ற வீடியோக்களைவிடத் தெளிவாகக் குறைந்து நின்றால், அதுவும் இம்ப்ரெஷன் ஆயிரக்கணக்கில் வந்த பிறகு. நூறு இம்ப்ரெஷனில் ஆறு கிளிக்கா ஒன்பது கிளிக்கா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பாதி சேனல்களும் வீடியோக்களும் 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருப்பதாக யூடியூபே சொல்கிறது. அவ்வளவு அகலமான அளவுகோலில் அடுத்தவர் எண்ணோடு ஒப்பிட்டுப் புலம்புவது வீண்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. சி.டி.ஆர். பன்னிரண்டு, ஆனால் இம்ப்ரெஷன் ஏறவே இல்லை. அப்போது பார்க்க வேண்டியது சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. முப்பது நொடியில் பாதிப் பேர் வெளியேறினால், தலைப்பு சொன்னது உள்ளே இல்லை என்று அர்த்தம். மூன்று தம்ப்நெயில்வரை போட்டு ஒப்பிட யூடியூப் தரும் சோதனை வசதியும் வெற்றியாளரைக் கிளிக் கணக்கில் எடுப்பதில்லை, பார்த்த நேரத்தில்தான் எடுக்கிறது.