நூல் எந்தக் கையில்?

கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னுபவர்களைக் கவனித்தால் இரண்டு விதமான கைகளைப் பார்க்கலாம். ஒருவர் நூலை வலக்கையில் பிடித்து, ஒவ்வொரு கண்ணிக்கும் அதை ஊசிமுனையைச் சுற்றிப் போடுவார். இதை இங்கிலீஷ் முறை என்பார்கள். இன்னொருவர் இடக்கை ஆள்காட்டி விரலில் நூலை விறைப்பாக நிறுத்தி, வலக்கை ஊசியின் முனையால் அதைக் கொத்தி இழுத்துக்கொள்வார். இது கான்டினென்டல் முறை. ஜெர்மனியிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் பரவலாக இருப்பதால் ஜெர்மன் முறை என்றும் பெயர். இரண்டிலும் விழுவது ஒரே கண்ணிதான். பின்னி முடித்த துணியைப் பார்த்து எந்தக் கை பின்னியது என்று யாராலும் சொல்ல முடியாது.

வலக்கைக்காரர்களுக்கு ஒரு கட்டத்தில் ஆசை எட்டிப்பார்க்கும்: இடக்கைக்கு மாறினால் வேகம் கூடுமாமே, மணிக்கட்டு வலி போகுமாமே? இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எலிசபெத் சிம்மர்மன், இடக்கை முறையை அங்கே பலருக்கும் அறிமுகப்படுத்தியவர்களில் முக்கியமானவர். அவருக்குப் பிறகு, இடக்கை என்றாலே வேகம் என்ற எண்ணம் பின்னல்காரர்களிடையே நன்றாக வேர்விட்டிருக்கிறது.

ஆனால் உலகின் அதிவேகப் பின்னல்காரர்களைப் பார்த்தால் கணக்கு அவ்வளவு நேராக வருவதில்லை. நெதர்லாந்தின் மிரியம் டேகல்ஸ் 2006இல் ஒரே நிமிடத்தில் 118 கண்ணிகள் பின்னிச் சாதனை படைத்தார்; அவர் பின்னுவது இடக்கை முறை. 2008இல் அமெரிக்காவில் நடந்த போட்டியில் 3 நிமிடத்தில் 262 கண்ணிகள் பின்னி வென்றவர் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளைச் சேர்ந்த ஹேசல் டின்டால். அவர் நூலைப் பிடிப்பது வலக்கையில். ஷெட்லாந்துப் பெண்கள் இடுப்பில் ஒரு தோல் வார் கட்டியிருப்பார்கள். அதில் குதிரைமுடி அடைத்த துளையிட்ட பட்டை ஒன்று இருக்கும். வலப்பக்க ஊசியின் பின்முனையை அந்தத் துளைகளில் ஒன்றில் செருகிவிட்டால், ஊசியின் எடையைத் தாங்கும் வேலை கைக்கு இல்லை. வலக்கை விரலுக்கு மிஞ்சுவது நூலை லேசாக அசைத்து ஊசியில் ஏற்றும் வேலை மட்டும்.

வேகத்தின் ரகசியம் அந்தச் சின்ன அசைவில்தான் இருக்கிறது. வலக்கையால் பின்னுபவர்களில் பலர் ஒவ்வொரு கண்ணிக்கும் ஊசியைக் கையிலிருந்து விட்டு, நூலைச் சுற்றி, மறுபடி ஊசியைப் பிடிப்பார்கள். முழங்கையே நகரும். இவர்களுக்கு இடக்கை முறை நிச்சயம் வேகமாகத் தோன்றும். ஆனால் ஊசியை விடாமல், ஆள்காட்டி விரலை மட்டும் முன்னும் பின்னும் தட்டி நூலைப் போடப் பழகினாலும் ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும். இதை ஃபிளிக்கிங் என்பார்கள். புதிதாக இன்னொரு கைக்கு மாறுவதைவிட இது எளிது. வேகம் மட்டும்தான் குறிக்கோள் என்றால் முதலில் இதைத்தான் முயன்று பார்க்கச் சொல்வேன்.

வேகம் கூடினால் எவ்வளவு மிச்சமாகும்? ஸ்வெட்டரின் உடல் பகுதிக்குச் சுற்றுக்கு 200 கண்ணி, 150 சுற்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 30,000 கண்ணி. நிமிடத்துக்கு 30 கண்ணி பின்னினால் 16 மணி 40 நிமிடம். 40 ஆக்கினால் பன்னிரண்டரை மணி. நான்கு மணி நேரத்துக்குமேல் மிச்சம். குறைவல்ல. ஆனால் அந்த 40ஐ நீங்கள் புதிய கையில் எட்டுவதற்குள் பல வாரம் பழைய வேகத்தில் பாதிகூட வராது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இடக்கை முறையின் உண்மையான சோதனை பர்ல் கண்ணியில் வருகிறது. நிட் கண்ணியில் நூல் துணிக்குப் பின்னால் இருப்பதால் ஊசிமுனை அதை எளிதாகக் கொத்திவிடும். பர்ல் என்றால் நூலை முன்னால் கொண்டுவந்து, ஊசியைச் சுற்றி, இடக்கை ஆள்காட்டி விரலால் கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். இதில் நூல் கொஞ்சம் அதிகமாக வெளியேறிவிடுவது உண்டு. விளைவைத் துணியின் பின்பக்கத்தில் பார்க்கலாம். வரிகள் சீராக நெருங்கி இருக்காது. இரண்டிரண்டாகச் சேர்ந்து, நடுவே வாய்க்கால் போன்ற இடைவெளி தெரியும். அப்படித் தெரிந்தால் பர்ல் வரி நிட் வரியைவிடத் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். பர்ல் வரிக்கு மட்டும் ஒரு அளவு சிறிய ஊசியைப் பயன்படுத்துவது எளிய தீர்வு.

இன்னொரு குறுக்குவழியும் உண்டு. பர்லில் நூலை வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால் அது போகும் தூரம் குறையும், கண்ணி இறுகும், கைக்கும் சுகம். ஆனால் அந்தக் கண்ணி ஊசியில் திரும்பி உட்காரும். வழக்கமாக ஊசிக்கு முன்னால் நிற்கும் வலக்கால் பின்னால் போய்விடும். அடுத்த வரியில் வழக்கம்போல் முன்காலில் ஊசியைச் செருகினால் கண்ணியின் அடி குறுக்காகப் பின்னிக்கொள்ளும். பின்காலில் செருக வேண்டும். ஒரு வரி முழுக்கக் கண்ணிகள் முறுக்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரி, வலி? இங்கே எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. எது வலிக்கிறது என்பதைப் பொறுத்தது. நூலைப் போட வலத்தோளும் முழங்கையும் ஓயாமல் நகர்ந்து அதனால் வலி என்றால், இடக்கைக்கு மாறுவது அந்த அசைவையே நீக்கிவிடும். ஆனால் ஊசியை இறுக்கிப் பிடிப்பதால் கட்டைவிரல் அடியில் வலிக்கிறது என்றால், கையை மாற்றினாலும் இறுக்கம் கூடவே வரும். இடக்கைக்காரர்களுக்கும் தனி வலி உண்டு: நூலைத் தாங்க ஆள்காட்டி விரலை விறைப்பாகத் தூக்கி வைத்திருப்பதால் அந்த விரலும் அதன் மூட்டும் களைத்துப்போகும். விரல் ஊசிமுனைக்கு அருகில், வளைந்து தளர்வாக இருக்க வேண்டும். மரத்துப்போதல், இரவில் கை குறுகுறுத்தல் என்றிருந்தால் பின்னல் முறையை ஆராயாமல் மருத்துவரைப் பாருங்கள்.

குரோஷே பின்னியவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. அதில் நூல் வழக்கமாக இடக்கையில்தான் இருக்கும் என்பதால் விரல்களுக்கு அந்தப் பிடி ஏற்கெனவே பழக்கம்.

மாற முடிவெடுத்தால், பாதியில் நிற்கும் ஸ்வெட்டரில் தொடங்கவே கூடாது. புதிய கையில் கண்ணியின் அளவு மாறும். 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி வந்த இடத்தில் 18 வந்தால், 200 கண்ணிக்கு 100 சென்டிமீட்டராக இருந்த சுற்றளவு 111 ஆகிவிடும். கீழ்ப்பாதி பொருந்தும், மேல்பாதி தொங்கும். 30 கண்ணியில் ஒரு சதுரத் துண்டு போட்டுப் பாருங்கள். முதலில் எல்லா வரியும் நிட். கை படிந்தபின் ஒரு வரி நிட், ஒரு வரி பர்ல். பின்பக்க வாய்க்கால் மறையும்வரை அந்தத் துண்டிலேயே இருங்கள்.

முழுமையாக மாறாவிட்டாலும் இரண்டாவது கையைக் கற்பதற்கு நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. ஷெட்லாந்தின் ஃபேர் ஐல் தீவின் பெயரால் அறியப்படும் வண்ணப் பின்னலில் ஒரே வரியில் இரண்டு நிறங்கள் மாறி மாறி வரும். ஒரு நிறத்தை வலக்கையிலும் மற்றொன்றை இடக்கையிலும் பிடித்தால் நூலை மாற்றி மாற்றி எடுத்துப்போட வேண்டியதில்லை. நூல்கள் சிக்கவும் செய்யாது. கைகளை மட்டும் நடுவில் மாற்றிக்கொள்ளக் கூடாது. துணியின் பின்னால் கீழாக ஓடும் நூலின் கண்ணிகள் சற்றுப் பெரிதாகி, அந்த நிறம் தூக்கலாகத் தெரியும்; இப்படிப் பிடிக்கும்போது அது பொதுவாக இடக்கை நூலாக இருக்கும். அதனால் பூவும் கொடியும் எந்த நிறமோ அதை இடக்கையில் வைத்து, கடைசிச் சுற்றுவரை அங்கேயே வைத்திருங்கள்.