ஒரு பவுண்டு கணக்கு

2009 ஏப்ரல் 4. லிவர்பூலை ஒட்டிய எய்ன்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் பந்தயம். ஓடிய நாற்பது குதிரைகளில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத மோன் மோம், பன்னிரண்டு குதிரை நீளம் முந்தி வந்து ஜெயித்தது. புக்கிகள் அதற்குக் கொடுத்த விலை ஒன்றுக்கு நூறு. ஒரு பவுண்டு கட்டியவர் கையில், கட்டிய பவுண்டும் சேர்ந்து, 101 பவுண்டு.

பிரிட்டிஷ் ரேஸ் பத்திரிகைகளில் பயிற்சியாளர், ஜாக்கி பெயர்களுக்கு எதிரே ஒரு பத்தி உண்டு. அவருடைய ஒவ்வொரு குதிரை மேலும் தலா ஒரு பவுண்டு கட்டியிருந்தால் மொத்தத்தில் எவ்வளவு லாபம் அல்லது நஷ்டம் என்று அது சொல்லும். டிப்ஸ் கொடுப்பவர்களையும் பெரும்பாலும் இந்த ஒரு பவுண்டு கணக்கில்தான் எடை போடுகிறார்கள். ஒருவர் வருடம் முழுக்கச் சொன்ன டிப்ஸில் 60 பவுண்டு நஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் மோன் மோமும் சேர்ந்துவிட்டால் அவர் 40 பவுண்டு லாபத்தில் நிற்பார். ஒரே குதிரை ஒரு வருடத்தையே புரட்டிப் போட்டுவிடுகிறது.

இதற்கு மாற்றாக ஒரு முறை இருக்கிறது. கட்டும் பணத்தை மாறாமல் வைப்பதற்குப் பதில், ஜெயித்தால் கைக்கு வரும் பணத்தை மாறாமல் வைப்பது. எந்தக் குதிரை வந்தாலும் பத்துப் பவுண்டு வரவேண்டும் என்று முடிவு செய்தால், சரிக்குச் சரி விலையுள்ள குதிரைமேல் ஐந்து பவுண்டு கட்டவேண்டும். ஒன்றுக்கு ஒன்பது என்றால் ஒரு பவுண்டு. மோன் மோம் மேல் பத்து பென்ஸ் போதும். முதலாவதை ‘ஒரே கட்டு’ என்றும் இரண்டாவதை ‘ஒரே வரவு’ என்றும் இங்கே அழைக்கிறேன்.

நம் ஊர்ப் பணத்திலேயே பார்த்துவிடலாம். ஒருவர் நூறு பந்தயம் கட்டுகிறார். ஐம்பது குதிரைகளுக்குச் சரிக்குச் சரி விலை, அதாவது ஜெயிக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மற்ற ஐம்பதுக்கு ஒன்றுக்கு ஒன்பது, வாய்ப்பு பத்தில் ஒன்று. புக்கியின் கமிஷனை இப்போதைக்கு மறந்துவிடுவோம். ஒரே கட்டு முறையில் எல்லாவற்றிலும் 300 ரூபாய். ஒரே வரவு முறையில் 1,000 ரூபாய் வரவுக்காக முதல் வகையில் 500, இரண்டாவதில் 100. இரண்டிலும் மொத்தச் செலவு 30,000 ரூபாய்தான். சராசரியாக எதிர்பார்க்கும் வரவும் அதே 30,000.

வேறுபாடு ஆட்டத்தில் இருக்கிறது. பெரிய விலைக் குதிரைகள் ஐம்பதில் சராசரியாக ஐந்து வரவேண்டும். ஆனால் மூன்று வருவதும் ஏழு வருவதும் சர்வ சாதாரணம். ஒரே கட்டில் அப்படி ஒரு குதிரை வந்தால் 3,000 ரூபாய். ஆகவே மூன்று வந்தால் எதிர்பார்த்ததைவிட 6,000 குறையும், ஏழு வந்தால் 6,000 கூடும். ஒரே வரவில் அதே அதிர்ஷ்டத்துக்கு 2,000 ரூபாய்தான் ஏறி இறங்கும்.

சரிக்குச் சரிக் குதிரைகளில் கதை தலைகீழ். அங்கே ஒவ்வொரு வெற்றியும் ஒரே கட்டில் 600, ஒரே வரவில் 1,000. இருபத்தைந்துக்குப் பதில் இருபத்தொன்று வந்தால் முன்னதில் 2,400 குறையும், பின்னதில் 4,000. ஒரே வரவு முறை ஆட்டத்தை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது.

பள்ளியில் ‘திட்ட விலக்கம்’ என்று படித்தோமே, அதை வைத்து அளந்தால் இந்த நூறு பந்தயத்துக்கு ஒரே கட்டில் சுமார் 6,700 ரூபாய், ஒரே வரவில் சுமார் 4,100. அதன் வர்க்கமான விலக்க வர்க்கச் சராசரியைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவு. ஒரே கட்டில் அதில் பத்தில் ஒன்பது பங்கு அந்தப் பெரிய விலைக் குதிரைகளிடமிருந்தே வருகிறது. ஒரே வரவில் அவற்றின் பங்கு கால்வாசிக்குச் சற்று மேல்.

காரணம் எளிது. நியாயமான விலையில், ஒரே கட்டின் திட்ட விலக்கம் விலையின் வர்க்கமூலத்தோடு ஏறும். 300 ரூபாய்க்கு, ஒன்றுக்கு ஒன்றில் 300, ஒன்றுக்கு நான்கில் 600, ஒன்றுக்கு ஒன்பதில் 900, ஒன்றுக்கு நூறில் 3,000. இதற்கு உச்சவரம்பே கிடையாது. 1,000 ரூபாய் வரவு முறையில் அதே விலைகளுக்கு 500, 400, 300, 100. சரிக்குச் சரியில்தான் உச்சம்; அதற்கு இருபுறமும் இறங்கும்.

இங்கே பலரும் சறுக்கும் ஓர் இடம். ‘ஆயிரம் வரணும்’ என்பது வேறு, ‘ஆயிரம் லாபம் வரணும்’ என்பது வேறு. ஐந்துக்கு ஒன்று விலையுள்ள ஃபேவரிட் குதிரைமேல் ஆயிரம் வரவுக்கு 833 ரூபாய் கட்டினால் போதும். ஆயிரம் லாபம் வேண்டுமென்றால் 5,000 கட்டவேண்டும். லாபத்தை நிலையாக வைத்தால், ஒரே கட்டில் பெரிய விலை செய்யும் அதே வேலையைச் சின்ன விலை செய்யும். ஒரு ஃபேவரிட் கவிழ்ந்தால் ஐந்து வெற்றி காலி.

1996-ல் சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட ஆளின் கணக்கில் எவ்வளவு திறமை, எவ்வளவு அதிர்ஷ்டம் என்று பிரிப்பது எப்படி? ரேஸ் புள்ளிவிவரக்காரர்கள் ‘ஏ பை ஈ’ என்று ஓர் எண் போடுவார்கள். விலைகளின்படி எத்தனை குதிரை ஜெயித்திருக்க வேண்டுமோ, அதனால் உண்மையில் ஜெயித்த எண்ணிக்கையை வகுப்பது. நம் உதாரணத்தில் எதிர்பார்ப்பு 25-ம் 5-ம் சேர்ந்து 30. ஜெயித்தவை 33 என்றால் எண் 1.1. பெயர்தான் வேறு, இது ஒரே வரவு முறையில் போட்ட பணத்துக்கு வந்த பணமேதான். 30,000 போட்டு 33,000 எடுத்தால் அதுவும் 1.1. மோன் மோம் இந்தக் கணக்கில் ஒரு வெற்றி, அவ்வளவுதான்.

இனி மறந்துவைத்த கமிஷன். எல்லா விலையிலும் அது ஒரே விகிதம் என்றால், எந்த முறையில் கட்டினாலும் சராசரி நஷ்டம் ஒன்றே: பத்து சதவீதம் என்றால் 30,000-ல் 3,000. ஆனால் பல பந்தயத் திடல்களில், பெரிய விலைக் குதிரைகளில் நூற்றுக்கு இழப்பது அதிகம். அமெரிக்கத் திடல்களில் இதை 1949-லேயே கிரிஃபித் என்ற உளவியலாளர் எழுதிவைத்தார். ஒரே கட்டில் நம்மவர் அந்தப் பக்கம் 15,000 ரூபாயைக் கொட்டுகிறார், ஒரே வரவில் 5,000. ஆகவே ஒரே வரவில் தோற்பது குறைகிறது. அதைத் திறமை என்று எண்ணிவிடக் கூடாது. மோசமான சரக்கைக் குறைவாக வாங்கியிருக்கிறார். மாறாக, ஒருவருக்கு உண்மையாகவே கண் இருப்பது பெரிய விலைக் குதிரைகளில்தான் என்றால், ஒரே வரவு அவர் கையைக் கட்டிப்போடும்.

நஷ்டக் கணக்கை லாபமாக்கும் கட்டும் முறை எதுவும் கிடையாது. யாராவது ஒரு பவுண்டு கணக்கில் லாபம் காட்டி உங்களிடம் டிப்ஸ் விற்க வந்தால், அதில் மிகப் பெரிய விலையில் வந்த ஒரே ஒரு குதிரையை அடித்துவிட்டு மறுபடி கூட்டிக் காட்டச் சொல்லுங்கள்.