நன்கொடைப் பக்கம் கேட்கும் பான் எண்

இணையத்தில் ஓர் அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுக்கப் போனால், தொகையைத் தட்டியதுமே பெயர், கைப்பேசி, மின்னஞ்சல், முகவரி, பான் எண் என்று கட்டங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. சில பக்கங்கள் பிறந்த தேதியையும் கேட்கும். இன்னும் சில, பான் அட்டையைப் படம் பிடித்து ஏற்றச் சொல்லும். வரிச்சலுகை வேண்டுமென்றால் இவை எல்லாம் கட்டாயம் என்று ஒரு வரி கீழே இருக்கும். பெரும்பாலானவர்கள் கேட்டதை எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்க மனம் வராத சிலர் நன்கொடையையே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தேவையில்லை. வரிச்சலுகைக்காக அறக்கட்டளை வருமான வரித் துறைக்குச் சொல்ல வேண்டிய விவரங்கள் மிகக் குறைவு. அவற்றுக்கு மேல் ஓர் எழுத்துகூட நாம் தர வேண்டியதில்லை. அந்தக் குறைந்த விவரங்களையும், சலுகை நமக்கு உண்மையிலேயே கிடைக்குமா என்று பார்த்த பிறகுதான் தர வேண்டும்.

அறக்கட்டளை ஏன் கேட்கிறது என்பதில் தொடங்கலாம். 2021-22 நிதியாண்டுக்கு முன்பு, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு 80ஜி பிரிவின் கீழ் கழிவு கோரினால் போதும். அதன் பிறகு விதி மாறியது. 80ஜி அங்கீகாரம் பெற்ற ஒவ்வோர் அமைப்பும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை 10பிடி என்ற படிவத்தில், நிதியாண்டு முடிந்த பின் மே 31-க்குள் துறையிடம் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு ஒவ்வொரு கொடையாளருக்கும் 10பிஇ என்ற சான்றிதழ் தர வேண்டும். நம் கணக்கில் காட்டும் தொகை அந்தப் பட்டியலோடு பொருந்தினால்தான் கழிவு நிற்கும். (2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 80ஜி அங்கே 133-ஆம் பிரிவு. பலருக்கும் பழகிய பெயர் என்பதால் இங்கே பழைய எண்களையே சொல்கிறேன்.) அந்த 10பிடி படிவத்தில் கொடையாளரைப் பற்றி இருக்கும் கட்டங்கள் மூன்றே வகை: பெயர், முகவரி, ஏதாவது ஓர் அடையாள எண். மற்றவை எல்லாம் தொகை, அது வந்த வழி, எந்தப் பிரிவில் சேர்கிறது என்பன போன்ற நன்கொடையைப் பற்றிய விவரங்கள். பிறந்த தேதிக்கு அங்கே கட்டம் இல்லை. அட்டையின் படத்தை ஏற்றவும் இடமில்லை. கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் சான்றிதழ் நமக்கு வந்து சேர உதவும், அவ்வளவுதான்.

எண்ணைத் தட்டித் தருவதற்கும் அட்டையின் படத்தைத் தருவதற்கும் என்ன பெரிய வேறுபாடு என்று தோன்றலாம். அட்டையை ஒருமுறை பாருங்கள்: எண்ணோடு நிழற்படம், தந்தையின் பெயர், பிறந்த தேதி, கையெழுத்து எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. வருமான வரித் துறை நமக்கு அனுப்பும் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறக்கும் கடவுச்சொல் என்ன? சிறிய எழுத்தில் பான் எண்ணும், அதை ஒட்டிப் பிறந்த தேதியும். நம் ஆண்டு வருமானம், வட்டி, பங்கு விற்பனை அத்தனையும் அடங்கிய கோப்புக்கு இந்த இரண்டும்தான் பூட்டு. பான் எண் மட்டும் வெளியே போனால் ஆபத்து ஓரளவு. பிறந்த தேதியும் முகவரியும் கையெழுத்தும் அதோடு சேர்ந்து போனால், நம் பெயரில் கடன் செயலியில் விண்ணப்பிக்கவோ போலி ஜிஎஸ்டி பதிவு எடுக்கவோ முயல்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அறக்கட்டளை நேர்மையானதாகவே இருக்கலாம். ஆனால் பட்டியலை ஓர் எக்செல் கோப்பில் போட்டு, மின்னஞ்சலில் கணக்காளருக்கு அனுப்பி, அந்தக் கோப்பை எங்கெங்கோ பல ஆண்டுகள் வைத்திருந்தால், நம் விவரத்தின் பாதுகாப்பு அந்தக் கோப்பைத் திறக்கக்கூடிய எல்லோருடைய கவனத்தையும் நம்பித்தான் இருக்கிறது.

இனி, சலுகையின் அளவு. பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் 80ஜி கழிவு உண்டு. 2023-24 முதல் புதிய வரி முறையே இயல்பான முறையாகிவிட்டது; அதில் இருப்பவருக்கு இந்தக் கழிவே கிடையாது. அவர் தரும் பான் எண்ணால் ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது. பழைய முறையில் இருப்பவருக்கும் பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குத் தரும் தொகையில் பாதிதான் கழிவு. அதற்கும் வருமானத்தை ஒட்டிய ஓர் உச்சவரம்பு உண்டு. (பிரதமர் தேசிய நிவாரண நிதி, முதலமைச்சரின் பொது நிவாரண நிதி போன்றவற்றுக்கு முழுத் தொகையும் கழிவு.) 20 சதவீத வரி வரம்பில் உள்ள ஒருவர் ஓர் அறக்கட்டளைக்கு 500 ரூபாய் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கழிவு 250. அதில் 20 சதவீதம் 50 ரூபாய், அதன்மேல் 4 சதவீத செஸ் 2 ரூபாய். ஆக, மிச்சம் 52 ரூபாய். அவரே 10,000 ரூபாய் தந்தால் 1,040 ரூபாய் மிச்சமாகும். பின்னதற்காகப் பான் எண் தருவது நியாயமான முடிவு. முன்னதற்கு, எத்தனை சிறு நன்கொடைகளுக்கு எத்தனை இணையதளங்களில் அந்த எண்ணை விட்டு வருகிறோம் என்று யோசித்தே தர வேண்டும். பல இடங்களுக்குச் சிறுசிறு தொகையாகப் பிரித்துத் தருபவர், ஆண்டுக்கு ஒன்றிரண்டு அமைப்புகளுக்குச் சேர்த்துத் தந்தால் சலுகையும் குறையாது, எண்ணும் பல இடங்களில் சிதறாது.

இதற்கு அறக்கட்டளைகள் தரப்பில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பெயரும் முகவரியும் இல்லாத நன்கொடை, சட்டத்தின் பார்வையில் பெயரற்ற நன்கொடை. குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் அதற்கு 30 சதவீத வரியை அறக்கட்டளை கட்ட வேண்டிவரும். ஆகவே சலுகை வேண்டாதவரிடமும் முகவரி கேட்பது தவறில்லை. நல்ல அமைப்பைக் காப்பாற்ற அதைக் கொடுக்கவும் வேண்டும். ஆனால் இந்த வாதம் பெயரோடும் முகவரியோடும் நின்றுவிடுகிறது. பிறந்த தேதிக்கும் அட்டைப் படத்துக்கும் அது நீளாது. அடையாள எண்ணிலும்கூட 10பிடி படிவம் பான் ஒன்றையே வற்புறுத்துவதில்லை. ஆதார், கடவுச்சீட்டு, வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், குடும்ப அட்டை எண்களுக்கும் அதில் குறியீடுகள் உண்டு. கழிவு கோரப்போகிறவர் பான் எண்ணைத் தருவதே குழப்பமில்லாத வழி. கோரப்போவதில்லை என்பவர், “வரிச்சலுகை வேண்டாம்” என்ற தேர்வு இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லையென்றால் அறக்கட்டளைக்கு எழுதிக் கேட்கலாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே சொல்கிறது: சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே சம்மதம் செல்லும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. தரவைக் கையாளும் அமைப்புகளின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே கட்டாயமாகின்றன. அதுவரை நம் கையிருப்பது மறுக்கும் உரிமைதான். அதை இன்றே பயன்படுத்தலாம்.

விவரம் கொடுப்பது என்று முடிவானால், யாரிடம் கொடுக்கிறோம் என்பது அடுத்த கேள்வி. 2020 மார்ச்சில் பிஎம் கேர்ஸ் நிதி அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே போலி யுபிஐ முகவரிகள் கிளம்பின. உண்மையானது pmcares@sbi, போலிகளில் ஒன்று pmcare@sbi. ஓர் எழுத்துதான் வேறுபாடு. போலி நன்கொடைப் பக்கத்துக்குப் பணத்தைவிட நம் விவரங்களே பெரிய வரவு. பணம் ஒருமுறை போகும், விவரம் திரும்பத் திரும்பப் பயன்படும். அதனால் படிவத்தை நிரப்பும் முன் அறக்கட்டளையின் பான் எண்ணையும் 80ஜி பதிவு எண்ணையும் தேடுங்கள். நேர்மையான அமைப்பு இரண்டையும் தன் பக்கத்திலேயே போட்டிருக்கும். பதிவு எண்ணின் முதல் பத்து எழுத்துகள் அதே பான் எண்ணாக இருக்கும். அந்தப் பான் எண்ணின் நான்காவது எழுத்தையும் பாருங்கள். அறக்கட்டளை என்றால் T, லாப நோக்கமற்ற நிறுவனம் என்றால் C, சங்கம் போன்ற கூட்டமைப்பு என்றால் A. அங்கே P இருந்தால் அது ஒரு தனிநபரின் எண். வருமான வரித் துறையின் இணையதளத்தில் விலக்கு பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் பெயரைத் தேடலாம். பதிவு எந்த ஆண்டு வரை செல்லும் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கீகாரம் காலவரையறை உள்ளது. பணம் செலுத்தும்போது திரையில் வரும் பெறுநரின் பெயர் தனிநபராக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கூட்டு நிதி திரட்டும் தளங்களில் ஒரு நோயாளியின் சிகிச்சைக்கென்று நேராகத் தரும் பணத்துக்கு 80ஜி கிடையாது. தளத்துக்கென்று தானாகச் சேர்க்கப்படும் “டிப்” தொகைக்கும் இல்லை.

கொடுத்த பிறகு கையில் வந்து சேர வேண்டியது ரசீது மட்டுமல்ல, 10பிஇ சான்றிதழ். மே மாத இறுதிவரை அது வராமல் இருப்பது இயல்புதான். வந்ததும் பெயர், பான் எண், தொகை ஆகியவற்றை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். பான் எண்ணில் பூஜ்யத்துக்குப் பதில் O விழுந்திருந்தால் நன்கொடை உங்கள் கணக்கில் சேராது. பிழை இருந்தால் திருத்திய 10பிடி தாக்கல் செய்ய அறக்கட்டளையால் முடியும். ஜூலை இறுதியில் கணக்குத் தாக்கல் செய்யும் நேரத்துக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். சான்றிதழில் உள்ள எண்ணைத்தான் கணக்குப் படிவத்தின் 80ஜி பட்டியலில் குறிக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் எந்தச் சான்றிதழும் உதவாது.

அறக்கட்டளை பதில் தராமல் இழுத்தடித்தால், பட்டியலைத் தாக்கல் செய்யாத ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் கட்டணமும், 10,000 முதல் 1 லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் வருமான வரி ஆணையரின் விலக்குப் பிரிவுக்கு ரசீது, பணம் போன வங்கிப் பதிவு, அனுப்பிய கடிதங்களோடு புகார் செய்யலாம். விவரம் தவறான கைக்குப் போயிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாக அறிக்கை தர வேண்டும். நான்கிலும் வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் தெரிந்தால் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்வு வராவிட்டால் அதற்குப் பிந்தும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்க ரிசர்வ் வங்கி வழி செய்திருக்கிறது. ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைக் கொண்டு தேடினால், உங்கள் பெயரில் நீங்கள் அறியாத பதிவு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பணமும் போயிருந்தால் முதல் அழைப்பு 1930-க்கு, புகார் cybercrime.gov.in தளத்தில்; பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் வங்கி அதை முடக்க முடியுமா என்பது எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.