எட்டரை மணிக்கு இரவு தொடங்கும் வீடு

இரவு வேலை முடித்து வந்தவர் காலை 7 மணிக்குப் படுத்து மதியம் 3 மணிக்கு எழுந்தால் எட்டு மணி நேரத் தூக்கம் ஆயிற்று. காகிதத்தில் சரியாக இருக்கும் இந்தக் கணக்கு கட்டிலில் பலிப்பதில்லை. ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் பெரும்பாலோருக்கு விழிப்பு வந்துவிடும். வெயில் ஏற ஏற உடம்பின் சூடும் ஏறும். மூளைக்குள் இருக்கும் கடிகாரம் ‘எழுந்திரு’ என்று விரட்டும். இதற்கிடையே பள்ளிக்குப் போகும் பிள்ளை பார்ப்பது சாத்திய கதவைத்தான்.

அதனால் தூக்கத்தை ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காமல் இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. பெரிய பங்கை மட்டும் எந்த நாளும் நகர்த்தக் கூடாது. தினம் ஒரே நேரத்தில் குறைந்தது நான்கு மணி நேரம் தூங்கினால், மீதித் தூக்கம் முன்பின் ஆனாலும் உடம்பின் கடிகாரம் நிலையாக இருக்கும் என்று மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1981-இல் எழுதினார்கள். இதை நங்கூரத் தூக்கம் என்கிறார்கள்.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு 10 முதல் காலை 6 வரை வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கம்பெனி பஸ்ஸில் வந்து 7 மணிக்கு வீட்டில் இறங்குகிறார். மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளின் வேன் 8.15-க்கு வரும்.

அந்த ஒன்றேகால் மணி நேரம் குடும்பத்துக்கு. ஷூ லேஸ் கட்டுவது, நோட்டில் கையெழுத்துப் போடுவது, சேர்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுவது என்று அது போகட்டும். ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். வேன் வராத நாளில் “நானே வண்டியில விட்டுட்டு வர்றேன்” என்று கிளம்பக் கூடாது. காலை வெயில் கண்ணில் பட்டால் மூளை அதைப் பகலின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். பிறகு படுத்தால் புரளத்தான் வேண்டியிருக்கும். பஸ்ஸில் வருகிறவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருவது இதற்காகத்தான். பைக்கில் வருகிறவர் அதைப் போட வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் ஓட்டும்போது வெளிச்சம்தான் அவரை விழிப்பில் வைத்திருக்கிறது.

8.30 முதல் 1.30 வரை நங்கூரத் தூக்கம். இந்த ஐந்து மணி நேரத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள்: சிலிண்டர்காரர் அடிக்கும் காலிங் பெல், கூரியர்காரரின் போன், பதினோரு மணிக்கு ஓடும் மிக்ஸி. காலிங் பெல்லின் சுவிட்சை அணைத்துவிடலாம். டெலிவரிக்கெல்லாம் மனைவியின் எண்ணைக் கொடுக்கலாம். சட்னி அரைப்பதை எட்டரைக்கு முன்பே முடித்துவிடலாம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி வேண்டும். மொட்டை மாடி அறையில் சித்திரை மாதத்துப் பகலில் யாராலும் தூங்க முடியாது. தூங்க உடம்பு குளிர வேண்டும். அதனால் வீட்டிலேயே சூடு குறைந்த அறை இரவு வேலைக்காரருக்குத்தான். மின்விசிறியின் இரைச்சல் தெருச் சத்தத்தையும் கொஞ்சம் மறைக்கும்.

எழுந்ததும் மதியச் சாப்பாடு. இரண்டு மணிக்கு அது முடிந்தால், பிள்ளைகள் வரும் நாலேகால் மணி வரை வங்கி, மளிகை போன்ற வேலைகளைப் பார்க்கலாம். 4.15 முதல் 6.30 வரை பிள்ளைகளோடு. வெளியே விளையாடினால் இன்னும் நல்லது. மாலை வெளிச்சம் இவருக்குக் கெடுதல் செய்யாது. 6.30-க்கு அவர்கள் வீட்டுப்பாடத்தில் உட்காரும்போது இவர் 7.45 வரை இரண்டாவது தூக்கம் போடுகிறார். மொத்தம் ஆறேகால் மணி நேரம். பஸ்ஸில் கண்ணயர்வது தனி.

சிலருக்கு மாலை ஆறரைக்கு எவ்வளவு முயன்றாலும் தூக்கம் வராது. அந்த நேரத்தில் உடம்பு இயல்பாகவே விழிப்பாக இருக்கும். அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் 2.30 முதல் 4 வரை தூங்கிக்கொள்ளலாம். அந்த மந்த நேரத்தில் தூக்கம் எளிதாக வரும். ஆனால் மாலைத் தூக்கத்துக்கு ஒரு கூடுதல் லாபம் உண்டு: வேலைக்குக் கிளம்பும் முன் தூங்கி எழுவதால், கண் சொக்கும் விடியற்காலை 3 முதல் 5 மணி வரையைத் தாண்டுவது எளிதாகிறது.

இனி சாப்பாடு. நள்ளிரவில் உடம்பு சர்க்கரையைப் பகலைப் போலக் கையாளாது. அதே சோறு இரவு 2 மணிக்கு உள்ளே போனால் ரத்தச் சர்க்கரை கூடுதலாக ஏறும். பாஸ்டனில் 19 பேரை இரவு வேலை போன்ற சூழலில் வைத்துச் செய்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. இரவிலும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் கூடியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை.

ஆகவே 7.45-க்கு எழுந்ததும் குடும்பத்தோடு சாப்பிடுவதுதான் பெரிய சாப்பாடு. சோறோ சப்பாத்தியோ, கூடவே பருப்பு, முட்டை, காய் என்று நிறைவாகச் சாப்பிட்டுவிட்டு 8.45-க்குப் பஸ் ஏற வேண்டும். பன்னிரண்டு மணி வாக்கில் பசித்தால் ஒரு கிண்ணம் சுண்டல், மோர் போதும். அதன்பின் வீடு வரும்வரை தண்ணீர் மட்டும். கேன்டீனில் நள்ளிரவுக்கு மேல் போடும் பிரியாணியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம்தான். தினமும் முடியாவிட்டால் அளவையாவது பாதியாக்கலாம்.

அதைவிடக் கஷ்டம் நாலு மணி டீ. கண்ணைக் கட்டும் அந்த நேரத்தில் டிரம்மிலிருந்து ஆவி பறக்கப் பிடித்துக் கொடுக்கும் டீயை வேண்டாம் என்பவர் அபூர்வம். ஆனால் குடித்த காஃபினில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். எட்டரைக்குப் படுக்க வேண்டியவருக்குக் கடைசி டீ 2 மணிக்குள் முடிந்துவிட வேண்டும். காலை இட்லியிலும் அளவு உண்டு. வெறும் வயிற்றோடு படுத்தால் பதினோரு மணிக்குப் பசி எழுப்பும். நெய் வழியும் பொங்கலை மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்செரிச்சல் எழுப்பும். இரண்டு மூன்று இட்லி சரியாக இருக்கும்.

எல்லாம் சிதறுவது விடுமுறை நாளில்தான். சனி இரவு வேலை முடித்து ஞாயிறு காலை வருகிறவர், அன்று தூங்காமலே ஊர் சுற்றிவிட்டு இரவு பத்துக்குப் படுத்தால், திங்கள் இரவு உடம்பு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் ஞாயிறும் 8.30 முதல் 12.30 வரை தூங்கிவிட்டு, மதியக் கறிக்குழம்புக்கு எழுந்து, மாலை முழுவதும் குடும்பத்தோடு இருக்கலாம். பிள்ளைகள் தூங்கிய பின் பத்து முதல் பன்னிரண்டு வரை கணவன் மனைவிக்கு. வாரத்தில் அவர்கள் இருவரும் நிதானமாகப் பேச வாய்க்கும் நேரம் அநேகமாக இதுதான். பிறகு இவர் ஒரு படம் பார்த்துவிட்டு 2 மணிக்குப் படுத்து, ஆறரைக்கு எழுந்து பிள்ளைகளை அனுப்பிவிட்டு, மறுபடி எட்டரைக்குப் படுக்கையில் இருக்க வேண்டும்.

வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிறவர்களுக்கு இந்த அட்டவணை பொருந்தாது. கடிகாரம் பழகுவதற்குள் வாரம் முடிந்துவிடும். அவர்கள் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் ஷிஃப்ட் மாறும்படி கேட்டு வாங்கினால் கொஞ்சம் தாங்கும். தலைகீழ் வரிசை அதிகம் படுத்தும். எந்த ஷிஃப்டானாலும், வீடு திரும்பும் வழியில் பைக்கில் கண் செருகினால் வண்டியை ஓரம்கட்டி இருபது நிமிடம் தூங்குங்கள். மூன்று மாதமாகியும் பகலில் தூக்கம் வரவில்லை, வேலையில் விழித்திருக்கவும் முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தாங்களாக மாற்ற வேண்டாம். உங்கள் ஷிஃப்ட், தூக்கம், சாப்பாடு மூன்றின் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டி, மருந்து நேரத்தை முதலில் மாற்றி வாங்குங்கள்.