முன்பணம் கட்டிய முதுகுவலி

நமது சங்கத்தின் நெசவாளர் ஒருவர், குழித்தறியில் நெடுங்காலம் குனிந்திருந்ததால் இடுப்புவலி கண்டு, அண்மையில் ஒரு பிசியோதெரபி நிலையத்திற்குச் சென்றார். ஒவ்வொரு முறைக்கும் 400 ரூபாய், முதற்பரிசோதனைக்குத் தனியாக 500 ரூபாய் என்றனர். 20 முறைக்கு மொத்தமாக 6,000 ரூபாய் முன்னதாகக் கட்டினால், பரிசோதனையும் அதில் அடக்கம் என்றனர். முறைக்கு 300 ரூபாய்தானே என்று அவர் மொத்தமாகவே கட்டிவிட்டார்.

பத்தாவது முறையோடு வலி தணிந்தது. இனி வீட்டிலேயே பயிற்சி செய்தால் போதும் என்றனர். அவ்வப்போது கட்டியிருந்தால் பரிசோதனையோடு 4,500 ரூபாயில் முடிந்திருக்கும். மீதத்தைக் கேட்டபோது, பணம் திரும்பத் தரப்படமாட்டாது, 60 நாளில் பயன்படுத்த வேண்டும், பிறருக்கு மாற்ற இயலாது என்று ரசீதின் பின்புறத்தைக் காட்டினர். ஆக, ஒரு முறைக்கு அவருக்கு விழுந்த விலை 600 ரூபாய்.

இக்கணக்கை முன்பே போட்டிருக்கலாம். 13 முறை சென்றால் தனித்தனியே 5,700 ரூபாய். 14 முறையாயின் 6,100. எனவே 14 முறைக்குக் குறையாமல் செல்வது உறுதியென்றால்தான் மொத்தக் கட்டணம் இலாபம். சாதாரண இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களிலேயே தணிவதாகலின், முதல் நாளில் 20 முறை என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது.

இதனினும் முக்கியமானது, அந்த ஒரு முறையில் என்ன அடங்கியது என்பது. நம் அங்கத்தினருக்கு முதல் ஆறு முறையும் வெப்ப ஒத்தடமும் மின்கருவியும் மட்டுமே கிடைத்தன. இவை தரும் சுகம் தற்காலிகமானது. ஏழாம் முறைதான் பயிற்சி கற்பித்தார்கள். குணமும் அதன் பிறகே தெரிந்தது. இத்தகைய வலிக்கு உடற்பயிற்சியே முதன்மையான சிகிச்சை. ஆகவே, நிபுணர் அருகிலிருந்து பயிற்றுவிக்கும் நேரம் எவ்வளவு, கருவியை மாட்டிவிட்டு அகலும் நேரம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மொத்தக் கட்டணம் எப்போதுமே நட்டமென்று நாம் சொல்லவில்லை. பக்கவாதத்திற்குப் பின்னும், மூட்டு மாற்று அறுவைக்குப் பின்னும் பலமுறை செல்ல வேண்டியிருக்கும். அங்கே அது நியாயமே. அப்போதும் ஐந்து ஐந்தாகக் கட்ட இசைகிறார்களா என்று வினவுவது நலம். கால் மரத்தோ, சிறுநீர் அடங்காமலோ போனால் எந்தக் கட்டணமும் பேசிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆயுர்வேதத்தில் கேள்வி சற்று வேறு. பிழிச்சலுக்கு எண்ணெய் மிகுதியாகச் செலவாகும். புது எண்ணெய் எத்தனை நாளுக்கு ஒரு முறை, உள்ளுக்குச் சாப்பிடும் கஷாயமும் அறை வாடகையும் சேர்ந்ததா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்க.

நமது அங்கத்தினரின் 60 நாள் கெடு இம்மாதத்தோடு முடிகிறது. தறியில் பண்டிகைச் சேலை ஏறியிருப்பதால், மீதிப் பத்து முறைக்கும் அவர் போவதாக இல்லை.